ஏழாம் மாதம் என்பது எத்தனையாவது வாரம்?

"எனக்கு இது முதல் குழந்தை. ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன், ஊர் காரைக்குடி. கடைசி மாதவிலக்கு மார்ச் 2. பன்னிரண்டாவது வார ஸ்கேனில் பிரசவத் தேதியை டிசம்பர் 16 என்று மாற்றிக் குறித்திருக்கிறார்கள். இப்போது 21 வாரம். ஒற்றைக் குழந்தை, சிக்கல் எதுவும் இல்லை, ஹீமோகுளோபின் 10.4. அம்மா ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வரச் சொல்கிறார். என் கணவர், பேறுகால விடுப்பு தொடங்கியதும் ஒரேயடியாகப் பிரசவத்துக்கே போய்விடு என்கிறார். எப்போது பறப்பது பாதுகாப்பு? எந்த வாரம் வரை விமானத்தில் ஏற்றுவார்கள், என்ன சான்றிதழ் வேண்டும்? பத்து மணி நேர விமானம், நள்ளிரவில் சென்னை, அங்கிருந்து காரில் ஏழு மணி நேரம். என் உடம்பு இதைத் தாங்குமா, டாக்டர்?"
— ஒரு வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

வளைகாப்புக்குச் சென்று வாருங்கள். ஆகஸ்ட் 29-ஐ ஒட்டிப் புறப்பட்டு, செப்டம்பர் 19-ஐ ஒட்டித் திரும்பிவிடுவது உங்களுக்குப் பொருந்தும். விடுப்பு தொடங்கியதும் பிரசவத்துக்கே பறப்பது என்ற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். இந்த இரண்டு முடிவுகளும் எந்தக் கணக்கிலிருந்து வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேதி சற்று முன்பின் நகர்ந்தால் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் மாதக் கணக்கில் பேசுகிறோம். விமான நிறுவனங்களும் மருத்துவர்களும் வாரக் கணக்கில் பேசுகிறார்கள். உங்கள் அம்மா மார்ச்சை முதல் மாதமாக வைத்து எண்ணுவார். அப்படி எண்ணினால் செப்டம்பர் 2 அன்று ஏழாம் மாதம் பிறக்கிறது. மாதவிலக்குத் தேதியிலிருந்து வாரமாக எண்ணினால் அன்று 26 வாரமும் 2 நாளும் ஆகியிருக்கும். ஸ்கேன் குறித்த டிசம்பர் 16-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அதே நாளில் சரியாக 25 வாரம்தான் நிறைந்திருக்கும். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேன், மாதவிலக்குத் தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதியையே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ஏனெனில் அந்தப் பருவத்தில் குழந்தையின் நீளம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கிறது. ஆகவே உங்களுக்கு டிசம்பர் 16 தான் கணக்கு. இந்த ஒன்பது நாள் வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் விமான நிலையத்தில் அது ஒரு முழுப் பயணத்தையே நிறுத்திவிடக் கூடும்.

என்னிடம் பார்த்துவந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. அவர் வெளியூரில் ஒரு மருத்துவரிடம் வாங்கிச் சென்ற கடிதத்தில் 'ஏழு மாத கர்ப்பம், பயணம் செய்யலாம்' என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. வாரமும் இல்லை, பிரசவத் தேதியும் இல்லை. கவுன்ட்டரில் இருந்த ஊழியர் கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டு, தம்மிடம் இருந்த அட்டையில் எண்ணிப் பார்த்து, எல்லை தாண்டிவிட்டது என்றார். ஸ்கேன் அறிக்கை பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அவர் அன்று பறக்கவில்லை. ஊழியர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த ஒரே ஆதாரத்தை வைத்து அவர் சரியாகத்தான் எண்ணினார்.

சிக்கலற்ற கர்ப்பத்தில் நெடும்பயணத்துக்கு ஏற்ற காலம் 14 வாரம் நிறைந்ததிலிருந்து 28 வாரம் வரை. அதற்கு முன் பறந்தால் குழந்தைக்குக் கேடு என்பதல்ல. மசக்கையும் அசதியும் மிகுந்திருக்கும் என்பதோடு, கருச்சிதைவு தானாக நேரும் வாய்ப்பு அந்த வாரங்களில்தான் அதிகம். அது நடுவானில் நேர்ந்தால் உதவிக்கும் ஆளில்லை, பிறகு வாழ்நாள் முழுவதும் 'அந்தப் பயணத்தால்தான்' என்ற குற்றவுணர்வும் ஒட்டிக்கொள்ளும். 28 வாரத்துக்குப் பின் வயிறு பெரிதாகி உட்காருவதே வருத்தம் தரும். இரத்த அழுத்தம் ஏறுவது, குறைப்பிரசவ வலி போன்றவை தலைகாட்டுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

விமான நிறுவனங்களின் விதிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் பொதுவான வடிவம் இதுதான். ஏறத்தாழ 28 வாரம் வரை பெரும்பாலானவை எந்தக் கடிதமும் கேட்பதில்லை. அதற்குப் பின் மருத்துவரின் கடிதம் வேண்டும். ஒற்றைக் குழந்தையானால் 36 வாரத்தை ஒட்டியும், இரட்டைக் குழந்தையானால் 32 வாரத்தை ஒட்டியும் கதவு மூடப்படும். விமானம் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பதற்காக வைத்த எல்லை அல்ல இது. பிரசவ வலி எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற நிலையில் இருப்பவரை மருத்துவ வசதியற்ற இடத்தில் பத்து மணி நேரம் அடைத்துவைக்க அவர்கள் விரும்புவதில்லை, அவ்வளவே.

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, எல்லை திரும்பும் நாளுக்கும் பொருந்தும். போகும்போது 27 வாரமாக இருந்தது யாருக்கும் முக்கியமல்ல. இரண்டாவது, '36 வாரம் நிறைந்த பின்' என்பதும் '36-ஆவது வாரத்திலிருந்து' என்பதும் வேறு வேறு. 35 வாரம் நிறைந்த அன்றே 36-ஆவது வாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு நிறுவனம் எதைச் சொல்கிறது என்பதை அதன் இணையதளத்தில் வார்த்தைக்கு வார்த்தை படிக்க வேண்டும். மூன்றாவது, சென்னையிலிருந்து திருச்சிக்கு உள்நாட்டு விமானம் ஏறினால் அது வேறு நிறுவனமாக இருக்கலாம். அதன் விதி கடுமையாக இருந்தால் அதுவே உங்களுக்கு எல்லை.

இப்போது உங்கள் நாட்காட்டியைப் பார்ப்போம். டிசம்பர் 16-லிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 26 அன்று 24 வாரம் நிறைகிறது. செப்டம்பர் 23 அன்று 28. நவம்பர் 18 அன்று 36. கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான குளுக்கோஸ் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்ய வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கப்போவதும் அதே நான்கு வாரத்துக்குள்தான் என்பதால், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து மறந்துவிடுவது மிக எளிது. அதனால்தான் ஆகஸ்ட் 26 அல்லது 27 அன்று பரிசோதனையை முடித்துக்கொண்டு, முடிவு கைக்கு வந்தபின் 29-இல் ஏறுங்கள் என்கிறேன். அன்று உங்களுக்கு 24 வாரம் 3 நாள். செப்டம்பர் 2-க்குப் பின் ஆவணி முடிய இரண்டு வாரம் இருக்கிறது. அம்மாவின் கணக்கில் ஏழாம் மாதமும் பிறந்துவிடும், நல்ல நாளும் கிடைக்கும்.

செப்டம்பர் 19 அன்று திரும்பினால் ஸ்கேன் கணக்கில் 27 வாரம் 3 நாள். மாதவிலக்குக் கணக்கில் அதுவே 28 வாரம் 5 நாள். மேலே சொன்ன பெண்ணுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரக்கூடிய இடம் இதுதான். ஆகவே திரும்பும் பயணத்துக்கு விதிப்படி தேவையில்லாவிட்டாலும் ஒரு கடிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்வதில் தவறில்லை. எங்களில் பலர் அவசரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப் பெயர், ஸ்கேன்படி பிரசவத் தேதி, போகும் நாளிலும் திரும்பும் நாளிலும் எத்தனை வாரம் எத்தனை நாள், ஒற்றைக் குழந்தை என்பது, சிக்கல் இல்லை என்பது, இத்தனை மணி நேர விமானப் பயணத்துக்குத் தகுதியானவர் என்பது ஆகிய யாவும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவெண், கையெழுத்து, முத்திரை, எழுதிய தேதி நான்கும் இருந்தாக வேண்டும். பல நிறுவனங்கள் பயணத்துக்கு முந்தைய ஏழு முதல் பத்து நாட்களுக்குள் எழுதிய கடிதத்தையே ஏற்கின்றன. சில அதைவிடக் குறுகிய காலமும் கேட்கின்றன. அப்படியானால் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆகஸ்டில் வாங்கிய கடிதம் செப்டம்பர் 19-க்குச் செல்லாது. வளைகாப்பு முடிந்த வாரத்தில் காரைக்குடியிலோ திருச்சியிலோ ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, புதிய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பரிசோதனை காகிதத்துக்காக மட்டுமல்ல, உண்மையிலேயே தேவையான ஒன்று.

ஜெர்மனியில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் முட்டர்பாஸ் என்ற கர்ப்பகாலக் கையேடு நல்ல ஆவணம். இரத்த வகை முதல் ஒவ்வொரு ஸ்கேன் அளவும் அதில் இருக்கும். ஆனால் அத்தனையும் ஜெர்மன் மொழிச் சுருக்கெழுத்து. நள்ளிரவில் ஒரு நகர மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர் அதைப் புரட்டினால் எண்கள் மட்டுமே புரியும். உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் கேட்டு வாங்கி, கையேட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட வேண்டாம், மாத்திரைகளும் அப்படியே.

ஹீமோகுளோபின் 10.4 பற்றி. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமீது இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. உதகமண்டலத்தில் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். ஆனால் கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் தாயினுடையதைவிட அதிகம் என்பதால் குழந்தைக்கு அது குறையாகத் தெரிவதில்லை. 7.5-க்குக் கீழே இறங்கிய கடும் இரத்தசோகையில்தான் நாங்கள் பயணத்தைத் தடுப்போம். உங்களுடையது லேசான குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைப் பயணத்திலும் விடாமல் சாப்பிட்டால் போதும்.

நான் உண்மையில் கவலைப்படுவது கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைவதைப் பற்றித்தான். கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை பெறுகிறது, பிரசவத்தில் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உடல் செய்துகொள்ளும் முன்னேற்பாடு அது. கூடவே கர்ப்பப்பை இடுப்புக்குள் ஓடும் பெரிய சிரைகளை அழுத்துவதால் கால்களிலிருந்து இரத்தம் மேலேறுவது மெதுவாகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் மடக்கிய முழங்காலோடு உட்கார்ந்தால் மூன்றாவது காரணமும் சேர்ந்துவிடுகிறது. அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை அணிய வேண்டும். கடையில் 'விமானக் காலுறை' என்று தொங்குவதை அளவு பாராமல் வாங்காதீர்கள். கணுக்காலிலும் கெண்டைக்காலின் பருத்த இடத்திலும் நாடாவால் அளந்து கொடுக்கும் மருத்துவ உபகரணக் கடை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இருக்கும். காலையில், வீக்கம் ஏறுவதற்கு முன் அளவு கொடுங்கள். பயண நாளில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்து நடமாடத் தொடங்கியபின் கழற்றுங்கள். மேல் விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறுபோல இறுக்கினால் பயனுக்குப் பதில் கெடுதலே விளையும். அவ்வப்போது தடவிப் பாருங்கள். இரத்த உறைவைத் தடுக்க ஆஸ்பிரின் போட்டுக்கொள் என்று யாராவது சொன்னால் நீங்களாகப் போட வேண்டாம். முன்பு இரத்தம் உறைந்தவர்களுக்கும், வேறு காரணங்களால் அபாயம் மிகுந்தவர்களுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான காரணம் எதுவும் தெரியவில்லை.

நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்பதிவிலேயே எடுத்துவிடுங்கள். மணிக்கொரு முறை எழுந்து விமானத்தின் கடைசி வரை நடந்து வாருங்கள். இடையில் குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் கெண்டைக்கால் தசை பம்புபோல இரத்தத்தைத் தள்ளும். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த நடையும் உங்களுக்கு வேண்டியதுதான். புறப்படும் நாளில் கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் வேண்டாம். உயரே போகப் போக வயிற்றிலுள்ள வாயு விரியும். ஏற்கெனவே இடமில்லாத வயிற்றில் அது பெரும் அவஸ்தை. இருக்கை வாரை வயிற்றுக்குக் கீழே, தொடையும் இடுப்பும் சேரும் எலும்பின்மீது தாழ்வாகக் கட்டுங்கள்.

சென்னை வந்திறங்கியபின் நேராகக் காரில் ஏறுவதைத்தான் நான் வேண்டாம் என்பேன். பத்து மணி நேரம் உட்கார்ந்த கால்களை மறுபடியும் ஏழு மணி நேரம் மடக்குவது ஒன்று. தூக்கத்தை எதிர்த்து ஓட்டும் ஓட்டுநரோடு விடியற்காலை நெடுஞ்சாலையில் போவது மற்றொன்று. மேடுபள்ளக் குலுக்கலால் கரு கலைவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். விபத்துதான் ஆபத்து. விமான நிலையத்துக்கு அருகே ஓர் அறையில் படுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் திருச்சிக்கு விமானத்தில் சென்றால் மிச்சம் 90 கிலோமீட்டர்தான். ரயிலில் வருவதானால் பகலில் நாற்காலி இருக்கை வண்டியில் எழுந்து நடக்கலாம். இரவு வண்டியில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, பதிவு செய்யும்போதே கேளுங்கள். கார்தான் வழி என்றால் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை இறங்கி நடக்க வேண்டும். பின்னிருக்கையில் பெல்ட் போடும் வழக்கம் நம் ஊரில் இல்லை, நீங்கள் போடுங்கள். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், மேல் பட்டை இரு மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். சிறிய மோதலாக இருந்து வலியே இல்லாவிட்டாலும், நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்திருக்கக் கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் கணவரின் யோசனை. ஜெர்மனியில் விடுப்பு பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் முன்பு தொடங்குகிறது. உங்களுக்கு அது நவம்பர் 4, சரியாக 34 வாரம். விமானத்தில் ஏற்றுவார்கள், சந்தேகமில்லை. ஆனால் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போக ஒரு காய்ச்சல் வந்தால் போதும், 36-ஐத் தொட்டுவிடுவீர்கள். உங்கள் ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. பயணக் காப்பீடுகள் பலவும் இயல்பான பிரசவச் செலவை ஏற்பதில்லை, எதிர்பாராத சிக்கலுக்கும் வார எல்லை வைத்திருக்கின்றன. குழந்தை காரைக்குடியில் பிறந்தால் அதற்குப் பாஸ்போர்ட்டும், நீங்கள் இந்தியக் குடிமக்களாயின் ஜெர்மன் விசாவும் எடுத்துத்தான் திரும்ப முடியும். தாய்வீட்டுப் பிரசவத்தின் அருமை எனக்குத் தெரியாததல்ல. என் முதல் பிரசவமும் அம்மா வீட்டிலிருந்துதான். உங்கள் நிலையில் அம்மாவை நவம்பர் இறுதியில் அங்கே வரவழைப்பதே எளிது.

டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று போகக்கூடாத நாள்களும் உண்டு. துளி இரத்தப்போக்கு, நீர் கசிவு, சீரான இடைவெளியில் வயிறு இறுகுவது, ஓயாத தலைவலியோடு கண் மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விமான நிலையத்துக்கு அல்ல, மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பதாகவோ, அந்த வாயின் நீளம் குறைந்திருப்பதாகவோ சமீபத்திய ஸ்கேனில் இருந்தால் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசாமல் கிளம்பாதீர்கள்.

இறங்கியதும் இரண்டு பாதங்களும் ஒரே அளவில் வீங்கியிருந்தால், காலை உயர்த்தி ஓரிரவு தூங்கினால் வற்றிவிடும். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், கெண்டைக்காலில் வலியோடு சூடாக வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றே காட்ட வேண்டும். இது பயணத்துக்குப் பின் சில வாரங்கள் வரைகூட வரலாம் என்பதால் ஃபிராங்க்ஃபர்ட் திரும்பியபின்னும் நினைவில் இருக்கட்டும்.

ஊரில் கொதித்து ஆறிய நீரையே குடியுங்கள். அசுத்த நீரால் பரவும் மஞ்சள் காமாலை வகை ஒன்று கர்ப்பிணிகளைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. கொசுவலையும் வேண்டும்.

வளையல்காரரிடம் கை அளவு கொடுக்கும்போது உங்கள் வழக்கமான அளவைவிட ஒரு சுற்று பெரிதாகக் கேளுங்கள். பிரசவம் வரை கழற்றக்கூடாது என்பார்கள். திரும்பும் விமானத்தில் கையும் சேர்ந்துதான் வீங்கும், இறுகிய கண்ணாடி வளையலை நடுவானில் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மோதிரத்தை மட்டும் கிளம்பும் முன்பே கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.